நீண்ட மெடிக்கல் லீவு எடுக்கும் முன் ஹெச்ஆரிடம் என்ன கேட்பது: சம்பளம், பிஎஃப், இன்சூரன்ஸ்

டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார், ஒரு மாதத்துக்கு மேல் ஓய்வு வேண்டும் என்றும் சொல்லிவிட்டார் என்றால், நம்மில் பெரும்பாலானவர்கள் ஹெச்ஆருக்கு அனுப்பும் மெயில் ஒரே வரிதான்: "மெடிக்கல் லீவு எடுத்தால் சம்பளம், பிஎஃப், இன்சூரன்ஸ் எல்லாம் எப்படி பாதிக்கும்?" பதிலும் ஒரே வரியில் வரும்: "கம்பெனி பாலிசிப்படி." இதில் ஹெச்ஆரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் கேள்வியிலேயே தேதி இல்லை, மூன்று விஷயங்களும் ஒரே கூடையில் போடப்பட்டிருக்கின்றன.

இந்த மூன்றும் மூன்று வேறு விஷயங்களைப் பொறுத்து நடப்பவை. சம்பளம் உங்கள் லீவு இருப்பைப் பார்த்து நடக்கும். பிஎஃப் அந்தச் சம்பளத்தைப் பார்த்து நடக்கும். இன்சூரன்ஸ் சம்பளத்தைப் பார்ப்பதில்லை, நீங்கள் கம்பெனியின் ஊழியர் பட்டியலில் இருக்கிறீர்களா என்பதை மட்டும்தான் பார்க்கும். இதைப் பிடித்துக்கொண்டால் என்ன கேட்க வேண்டும் என்பது தானாக வந்துவிடும். இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவில் தனியார் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு.

முதலில் நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள்

ஹெச்ஆரிடம் போகும் முன் நான்கு விஷயங்கள் கையில் இருக்கட்டும்: டாக்டர் எழுதிக் கொடுத்த ஓய்வுக் காலம், போர்ட்டலில் தெரியும் லீவு இருப்பு, கடைசி பேஸ்லிப், கம்பெனி லீவு பாலிசி. பிறகு ஒரு காலண்டரை எடுத்து, சம்பளத்தோடு கூடிய லீவு எந்தத் தேதியில் தீர்கிறது என்று எண்ணுங்கள். மற்ற எல்லாக் கேள்விக்கும் அந்தத் தேதிதான் அடிப்படை.

ஓர் உதாரணம். மாதச் சம்பளம் 48,000 ரூபாய், அதில் பேசிக் 24,000, வாரத்துக்கு ஐந்து நாள் வேலை. முழங்கால் தசைநார் ஆபரேஷன், 2026 ஜூன் 8 திங்கட்கிழமை தொடங்கி ஆறு வாரம், ஜூலை 20 திங்கட்கிழமை திரும்பி வருவதாகத் திட்டம். ஆறு வாரத்தில் 30 வேலை நாள். சிக் லீவு 7, ஏர்ன்ட் லீவு 11, ஆக மொத்தம் 18 நாள் இருப்பு. ஜூன் 8இலிருந்து எண்ணினால் அந்த 18 நாளும் ஜூலை 1 புதன்கிழமையோடு தீர்ந்துவிடும். ஜூலை 2இலிருந்து லாஸ் ஆஃப் பே, சுருக்கமாக எல்ஓபி. மீதி 12 வேலை நாள்.

சரி, 12 நாள் சம்பளம்தானே போகும் என்று விட்டுவிடாதீர்கள். அந்த 12 நாளுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு நாள் சம்பளத்தை எதால் வகுக்கிறார்கள், நடுவில் வரும் சனி ஞாயிறையும் எல்ஓபியாக எண்ணுகிறார்களா என்ற இரண்டு விஷயங்கள்தான் இதைத் தீர்மானிக்கின்றன.

ஜூலையில் 31 நாள். 31ஆல் வகுத்து, வேலை நாள் 12ஐ மட்டும் பிடித்தால் 18,581 ரூபாய் போகும். அந்த மாத வேலை நாட்களான 23ஆல் வகுத்து 12 நாள் பிடித்தால் 25,043. 31ஆல் வகுத்து, ஜூலை 2 முதல் 19 வரை சனி ஞாயிறும் சேர்த்து 18 நாள் பிடித்தால் 27,871. ஒரே ஆபரேஷன், ஒரே லீவு, முதல் கணக்குக்கும் கடைசிக் கணக்குக்கும் நடுவில் 9,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். இந்த விவரம் லீவு பாலிசியில் இருக்கும் என்று நம்பாதீர்கள், பல இடங்களில் பேரோல் சாஃப்ட்வேர் செட்டிங்கில்தான் இருக்கும். அதனால்தான் இதை வெளிப்படையாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு நுணுக்கம். சனி ஞாயிறையும் எண்ணுகிற கம்பெனி என்றால், திரும்பி வரும் நாள் மிக முக்கியம். மேலே சொன்ன ஆள் ஜூலை 17 வெள்ளிக்கிழமையே வேலையைத் தொடங்கிவிட்டால், அந்த ஒரு நாளோடு பின்னால் வரும் சனி ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் சம்பளம் மிஞ்சும், கிட்டத்தட்ட 4,645 ரூபாய். டாக்டர் சம்மதித்து, மேனேஜரும் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒப்புக்கொண்டால் மட்டும் யோசியுங்கள், காலைக் கெடுத்துக்கொண்டு செய்கிற காரியம் அல்ல இது.

எந்த லீவை முதலில் கழிப்பது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். சிக் லீவு பெரும்பாலும் வருட முடிவில் வீணாகும், ஏர்ன்ட் லீவு அடுத்த வருடத்துக்குப் போகும் அல்லது பணமாக மாறும். எனவே சிக் லீவு முதலில். போர்ட்டல் தானாகவே மாற்றிப் போட்டுவிடும் இடங்களும் உண்டு, விண்ணப்பிக்கும்போதே பாருங்கள்.

பிஎஃப்: நிற்காது, சுருங்கும்

பிஎஃப் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. லீவில் இருந்தாலும் கம்பெனி தன் பங்கை முழுசாகப் போட்டுவிடும் என்பது ஒன்று, சம்பளம் நின்றால் பிஎஃப் கணக்கே முடங்கிவிடும் என்பது இன்னொன்று. இரண்டும் சரியில்லை.

பிஎஃப் பிடிப்பது அந்த மாதம் உண்மையில் கிடைத்த பேசிக்கின் மேல். உங்கள் பங்கு 12 சதவீதம், கம்பெனி பங்கும் 12 சதவீதம். சம்பளத்தோடு கூடிய லீவு இருக்கும்வரை எந்த மாற்றமும் வராது, எனவே நம் உதாரணத்தில் ஜூன் மாதம் எப்போதும் போலத்தான். ஜூலையில் 18 நாள் எல்ஓபி என்றால் 13 நாள் பேசிக் மட்டும், அதாவது 10,065 ரூபாய். அதில் 12 சதவீதம் 1,208. வழக்கமாக 2,880 போகும் இடத்தில் இரண்டு பக்கத்திலும் 1,208தான் போகும். இரண்டு பக்கமும் சேர்த்து அந்த மாதம் 3,344 ரூபாய் குறைவாகப் போகும். ஏற்கெனவே இருக்கும் தொகைக்கு வட்டி எப்போதும் போல வந்துகொண்டிருக்கும். ஒரு மாதம் முழுக்க எல்ஓபி என்றால் அந்த மாதம் பாஸ்புக்கில் பணம் ஏறாது, அவ்வளவுதான், கணக்குக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் கம்பெனி முழு பேசிக்குக்கு அல்லாமல் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் பிஎஃப் கட்டுகிற கம்பெனியாக இருந்தால் ஒரு கேள்வி கூடுதல்: எல்ஓபி மாதத்தில் அந்த 15,000ஐயும் நாள் கணக்கில் குறைக்கிறீர்களா? குறைக்காவிட்டால் கிடைத்த பேசிக் 10,065 மேல் 1,208 பிடிப்பார்கள். குறைத்தால் 6,290 மேல் 755தான். பேரோல் சாஃப்ட்வேரில் இதற்கென்றே ஒரு டிக் இருக்கும்.

அடுத்தது யாரும் கேட்காத விஷயம். ஒவ்வொரு மாதமும் கம்பெனி பிஎஃப் அலுவலகத்துக்குத் தாக்கல் செய்யும் இசிஆரில், சம்பளம் இல்லாத நாட்களை என்சிபி நாட்கள் என்று ஒரு கட்டத்தில் நிரப்புவார்கள். கம்பெனி பங்கிலிருந்து 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது அல்லவா, அதில் உங்கள் சர்வீஸ் எத்தனை வருடம் என்று கணக்கிடும்போது இந்த நாட்கள் கழிக்கப்படும். பதினெட்டு நாளால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் 18க்குப் பதிலாக மாதம் முழுவதையும் போட்டுவிட்டாலோ, அதைவிட மோசமாக வேலையை விட்டுப் போன தேதியைப் பதிந்துவிட்டாலோ திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எனவே "எத்தனை என்சிபி நாள் காட்டுவீர்கள்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். லீவு முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து யூஏஎன் போர்ட்டலில் `View → Service History` பகுதியைத் திறந்து, வேலையை விட்ட தேதி எதுவும் ஏறவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஎஃப்போடு ஒட்டிக்கொண்டு இடிஎல்ஐ என்று ஓர் ஆயுள் காப்பீடு இருக்கிறது. வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பிஎஃப் பணம் ஏறாத மாதத்தில் இது செல்லுமா என்ற குழப்பம் முன்பு இருந்தது. 2025இல் வந்த திருத்தத்தின்படி, கடைசியாகப் பணம் ஏறியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் என்றால், பெயர் ஊழியர் பட்டியலில் இருக்கும்வரை செல்லும். சம்பளமில்லாத லீவு பல மாதம் நீளும் என்று தோன்றினால் இந்த ஆறு மாதக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

இன்சூரன்ஸ்: சம்பளம் நின்றாலும் ஓடும், பெயர் நீங்கினால் நிற்கும்

கம்பெனியின் குரூப் ஹெல்த் பாலிசிக்கு பிரீமியம் வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டப்படுகிறது. எனவே எல்ஓபியில் இருக்கிறீர்கள் என்பதற்காக உங்கள் கவர் நிற்பதில்லை. ஆபத்து வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, லீவு அனுமதி இல்லாமல் நீளும்போது. ஆறு வாரம் என்று சொல்லிவிட்டு எட்டு வாரம் ஆகிறது, அந்தக் கூடுதல் இரண்டு வாரத்துக்கு மெயிலும் இல்லை, சர்டிஃபிகேட்டும் இல்லை என்றால் சிஸ்டம் உங்களை அனுமதியின்றி வராதவர் என்று காட்டும். அங்கிருந்து வேலையைக் கைவிட்டவர் என்று முடிவு கட்டுவதற்குப் பல கம்பெனிகளில் குறிப்பிட்ட நாள் வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த நாளில் ஊழியர் பட்டியலிலிருந்து பெயர் நீங்கினால், இன்சூரன்ஸ் பட்டியலிலிருந்தும் நீங்கும். ஆபரேஷனுக்குப் பின் வரும் பிசியோதெரபி, மருந்து, ஸ்கேன் பில்களைப் பாலிசியில் சொன்ன நாள் வரை, பல பாலிசிகளில் 60 நாள் வரை, கிளெய்ம் செய்யலாம். நடுவில் பெயர் நீங்கினால் இந்த பில்களில் சிக்கல் வரும். எனவே "சம்பளமில்லாத லீவை அதிகபட்சம் எத்தனை நாள் வரை அனுமதிப்பீர்கள், அதற்கு மேல் நீட்டிக்க யார் ஒப்புதல் வேண்டும்?" என்பதுதான் உண்மையான இன்சூரன்ஸ் கேள்வி. கேட்டால் இன்சூரன்ஸ் போலவே தெரியாது, ஆனால் இதற்குள்தான் எல்லாம் இருக்கிறது.

இரண்டாவது, நீங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டுகிற பிரீமியம். அப்பா அம்மாவைச் சேர்த்ததற்கோ, கூடுதல் டாப்-அப் எடுத்ததற்கோ பிடிக்கிறார்கள் என்றால், எல்ஓபி மாதத்தில் பிடிக்கச் சம்பளம் போதாமல் போகலாம். அப்போது அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார்களா, நீங்கள் நேரடியாகக் கட்ட வேண்டுமா, அப்பா அம்மா கவர் நடுவில் அறுந்துபோகுமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். கம்பெனி மொத்தமாக ஏற்கெனவே கட்டிவிட்டு உங்களிடம் தவணையாகப் பிடிக்கிறது என்றால் கவலையில்லை, பாக்கி மட்டும் சேரும்.

மூன்றாவது, பாலிசி புதுப்பிக்கும் தேதி லீவுக்குள் விழுவது. ஹெல்த் பாலிசியில் பெயர்ப் பட்டியல் புதிதாகப் போகும், அதற்குப் போர்ட்டலில் குடும்பத்தினர் விவரத்தை உறுதிசெய்யச் சொல்லி ஒரு வாரம் மட்டும் திறந்து வைப்பார்கள், நீங்கள் மெயிலே பார்க்காமல் படுத்திருப்பீர்கள். குரூப் டெர்ம் லைஃப் பாலிசியில் இன்னொரு சங்கதி: அந்தத் தேதியில் வேலைக்கு வந்துகொண்டிருப்பவர்களுக்குத்தான் புதிய கவரோ, உயர்த்திய தொகையோ தொடங்கும், லீவில் இருப்பவர்களுக்குத் திரும்பி வந்த பிறகுதான் என்ற நிபந்தனை அதில் இருப்பதுண்டு. ஹெச்ஆருக்கே இது சட்டென்று தெரியாமல் இருக்கலாம், கம்பெனியின் இன்சூரன்ஸ் புரோக்கரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

இஎஸ்ஐயில் இருப்பவர்களுக்கு

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்து பேஸ்லிப்பில் இஎஸ்ஐ பிடித்தால் கணக்கே வேறு. உங்களுக்கு நோய்க்கால உதவித்தொகை உண்டு: சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. இஎஸ்ஐ டாக்டரின் சர்டிஃபிகேட் வேண்டும். கம்பெனி சம்பளம் கொடுக்கும் லீவு நாட்களுக்கு இந்தத் தொகை கிடையாது, ஒரே நாளுக்கு இரண்டும் வாங்க முடியாது. எனவே எந்த நாட்களை சம்பள லீவாகவும் எந்த நாட்களை எல்ஓபியாகவும் போடப்போகிறார்கள் என்று ஹெச்ஆரிடம் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் வேலைக்கு வரவில்லை என்பதை கம்பெனி இஎஸ்ஐக்கு உறுதிசெய்ய வேண்டியிருக்கும், அந்தத் தேதிகளும் வருகைப் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் பணம் நிற்கும்.

இதன் பின்விளைவு தாமதமாக வரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சம்பளம் பெற்ற நாட்கள் 78க்குக் குறைந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவித்தொகை கிடைக்காது. அக்டோபர் முதல் மார்ச் வரை குறைந்தால் அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை. மூன்று மாதத்துக்கு மேல் சம்பளமில்லாமல் போகப்போகிறவர்கள் மட்டும் இதை எண்ணிப் பார்த்தால் போதும். உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் நோயைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த இஎஸ்ஐ சட்டத்தின் 73ஆவது பிரிவு சொன்னது. அதை முதல் மெயிலிலேயே எழுதிச் சண்டையைத் தொடங்க வேண்டியதில்லை, இப்போதைய விதி என்ன என்று கேட்டுத் தெரிந்து வைத்திருங்கள்.

மெயில்

போனில் பேசினாலும் கடைசியில் மெயில் ஒன்று இருக்க வேண்டும். ஆபீஸ் வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நோயின் முழு விவரம் இதில் தேவையில்லை, அது சர்டிஃபிகேட்டில் இருக்கும், அதையும் மேனேஜரைச் சேர்க்காமல் ஹெச்ஆருக்கு மட்டும் தனியாக அனுப்பலாம்.

> வணக்கம். அறுவைச் சிகிச்சைக்காக ஜூன் 8 முதல் ஜூலை 19 வரை எனக்கு விடுப்பு தேவை. என் கணக்குப்படி சிக் லீவு 7, ஏர்ன்ட் லீவு 11 இரண்டும் ஜூலை 1ஆம் தேதியோடு முடிகின்றன, ஜூலை 2 முதல் எல்ஓபி. இது சரியா என்று உறுதிசெய்யவும்.
>
> 1. எல்ஓபி எத்தனை நாளாகக் கணக்கிடப்படும்? சனி, ஞாயிறு சேருமா? ஒரு நாள் சம்பளத்தை எந்த எண்ணால் வகுக்கிறீர்கள்?
> 2. இந்த எல்ஓபி ஜூலை சம்பளத்தில் பிடிக்கப்படுமா, ஆகஸ்டிலா? வருகைப் பதிவை எந்தத் தேதியில் மூடுகிறீர்கள்?
> 3. ஜூலை மாத பிஎஃப் எவ்வளவு தொகையின் மேல் கணக்கிடப்படும்? இசிஆரில் எத்தனை என்சிபி நாள் காட்டப்படும்?
> 4. இந்தக் காலம் முழுவதும் நானும் என் குடும்பத்தினரும் குரூப் ஹெல்த், டெர்ம் லைஃப் பாலிசிகளில் தொடர்கிறோமா? பாலிசி புதுப்பிக்கும் தேதி எது? பெற்றோருக்கான பிரீமியத்தை எல்ஓபி மாதத்தில் எப்படிப் பிடிப்பீர்கள்?
> 5. டாக்டர் ஓய்வை நீட்டித்தால் எத்தனை நாள் முன்பு, யாருக்குத் தெரிவிக்க வேண்டும்? சம்பளமில்லாத விடுப்புக்கு உச்ச வரம்பு உண்டா?
> 6. திரும்பி வரும்போது உடல்தகுதிச் சான்று வேண்டுமா?

இரண்டாவது கேள்வியை லேசாக எடுக்காதீர்கள். பல கம்பெனிகளில் வருகைப் பதிவை மாதம் 20 முதல் 25க்குள் மூடிவிடுவார்கள். ஜூன் லீவுக்கு அதற்குள் மேனேஜர் ஒப்புதல் கொடுக்கவில்லை என்றால், இருப்பில் லீவு இருந்தும் ஜூனிலேயே எல்ஓபி விழும். அடுத்த மாதம் திருப்பிக் கொடுப்பார்கள், ஆனால் ஆஸ்பத்திரி செலவு இருக்கும் மாதத்தில்தான் கையில் பணம் குறையும். ஆபரேஷனுக்கு முந்தைய நாளே போர்ட்டலில் ஒப்புதல் பச்சையாக மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மேனேஜர்கள் வாயால் சரி சொல்லிவிட்டுக் கிளிக் செய்ய மறப்பது உலக வழக்கம்.

பதில் "பாலிசிப்படி" என்றே மறுபடியும் வந்தால் கோபப்படாமல் உங்கள் எண்களையே திருப்பி அனுப்புங்கள்: "அப்படியானால் ஜூலையில் 18 நாள் எல்ஓபி, 27,871 ரூபாய் பிடித்தம் என்று எடுத்துக்கொள்கிறேன், தவறு இருந்தால் திருத்தவும்." குறிப்பிட்ட எண்ணைப் பார்த்தால் பேரோல் ஆள் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். முதல், இரண்டாம், மூன்றாம் கேள்விகள் அவருடைய வேலை, நான்காவது புரோக்கரிடம் போகும், ஹெச்ஆர் ஒருவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார் என்று காத்திருந்தால் நாள்தான் போகும். பேரோல் குழுவின் பொது மெயில் முகவரியையும் முதல் மெயிலிலேயே சேர்த்துவிடுங்கள். பதில்களின் நகலை உங்கள் சொந்த மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள், லீவில் இருக்கும்போது ஆபீஸ் லேப்டாப்பின் பாஸ்வேர்டு காலாவதியாகிவிடும்.

தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வரும் இடங்களில் வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. சிக் லீவு என்று ஒன்றே இல்லை என்று எந்தச் சின்ன நிறுவனமாவது சொன்னால் இதைக் கேட்கலாம்.

திரும்பி வந்த பிறகு

உடல்தகுதிச் சான்று கேட்கிற கம்பெனி என்றால் அதை முந்தைய வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை வந்து நின்று, சான்று இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால் அந்த நாளும் எல்ஓபி.

பேஸ்லிப் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, சம்பளம் கணக்கிட்ட நாட்களை. 31க்கு 13 என்று இருந்தால் ஒப்புக்கொண்டதுதான். 12 அல்லது 11 என்று இருந்தால், எந்தத் தேதிகளை எல்ஓபியாகப் போட்டிருக்கிறார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள், பெரும்பாலும் ஜூலை 1 லீவுக்கோ திரும்பிய நாளுக்கோ ஒப்புதல் ஏறாமல் இருந்திருக்கும். அப்புறம் பிஎஃப் பிடித்தத்தைப் பாருங்கள். பேஸ்லிப்பில் 1,208 என்றால் பாஸ்புக்கில் உங்கள் பங்கும் 1,208ஆக இருக்க வேண்டும், கம்பெனி பங்கில் 838 பென்ஷனுக்குப் போய் மீதி 370 ஏறியிருக்கும். எல்ஓபியைத் தவறாகப் பிடித்துப் பின்னால் அரியராகக் கொடுத்தால், அந்த அரியருக்கும் பிஎஃப் ஏற வேண்டும், என்சிபி நாளும் குறைய வேண்டும். சம்பளத்தைத் திருத்திவிட்டு இதை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு, எனவே அரியர் வந்த மாதம் இன்னொரு மெயில் போடுங்கள்.